இரு வாரச் சம்பளத்தை மாதக் கணக்காக்கும்போது காணாமல் போகும் இரண்டு சம்பளங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய வேலையில் மாதம் 4,500. புதிய இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2,100. இதில் எது கூடுதல் என்பதுதான் 2014 டிசம்பரில் என் நண்பர் ஒருவர் முன்னால் இருந்த கேள்வி. பதிலையும் அவரே வைத்திருந்தார்: "மாசத்துக்கு ரெண்டு சம்பளம், அப்போ 4,200. இப்ப வாங்குறதை விட 300 குறையுது. வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்." சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் பல வருடமாக இருப்பவன் நான், இதே கணக்கை இதே மாதிரி போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் ஒரு தவறான எண்ணோடு முடிந்துவிடும். இவருக்கு அது ஒரு வேலையையே இழக்க வைத்திருக்கும், அப்புறம் ஒரு வருடம் முழுக்க வேறு வேறு வடிவத்தில் திரும்பத் திரும்ப வந்தது. அதனால்தான் முழுவதையும் எழுதுகிறேன்.

எந்த நாணயம் என்பது கணக்குக்குத் தேவையில்லை. கீழே வரும் தொகைகள் எல்லாமே, வேறு மாதிரி சொல்லாத இடங்களில், பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம்.

300 குறைவா, 50 கூடுதலா

மாதத்துக்கு இரண்டு சம்பளம் என்றால் மாதத்துக்கு நான்கு வாரம் என்று எடுத்துக்கொள்கிறோம், அதாவது 28 நாள். லீப் ஆண்டு அல்லாத பிப்ரவரியைத் தவிர எந்த மாதமும் அப்படி இல்லை. மற்ற மாதங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நாட்கள் மிஞ்சுகின்றன, அந்த நாட்களிலும் வேலை நடக்கிறது, அதற்கும் சம்பளம் வருகிறது. பன்னிரண்டு மாதத்தையும் 28 நாளாக எடுத்தால் கூட்டுத்தொகை 336 தான், ஆண்டில் 365 நாள் இருக்கிறது. விட்டுப்போன 29 நாள் என்பது நான்கு வாரமும் ஒரு நாளும். இரு வாரச் சம்பளக்காரருக்கு அது முழுசாக இரண்டு சம்பளம்.

எனவே மாதத்திலிருந்து ஆண்டுக்குப் போகக் கூடாது, முதலில் ஆண்டுக்குப் போய்விட்டு அங்கிருந்து மாதத்துக்கு இறங்க வேண்டும். 2,100-ஐ 26-ஆல் பெருக்கினால் 54,600. அதை 12-ஆல் வகுத்தால் 4,550. பழைய வேலையின் ஆண்டுத் தொகை 4,500 × 12, அதாவது 54,000. புதிய வேலையில் மாதத்துக்கு 50 கூடுதல், ஆண்டுக்கு 600 கூடுதல். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் "300 குறைவு" என்பதும் "50 கூடுதல்" என்பதும் இரண்டு வேறு முடிவுகளை எடுக்க வைக்கும். நண்பருக்கு அந்த வேலையே பிடித்திருந்தது, வீட்டுக்கும் பக்கம், சம்பளம் குறைகிறதே என்பது மட்டும்தான் தடையாக இருந்தது.

வாரச் சம்பளத்துக்கும் இதே வழிதான்: 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும், அதாவது வாரத் தொகையை ஏறக்குறைய 4.33-ஆல் பெருக்குவது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வருகிறவர்கள் அதையே மாதச் சம்பளம் என்று நினைத்துவிடுவது இன்னும் சுலபம், அவர்களுக்கு ஆண்டில் 13 சம்பளம் உண்டு. அரை மாதச் சம்பளம் மட்டும்தான், அதாவது ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதியும் கடைசி நாளும் என்று தேதி பார்த்து வருவது மட்டும்தான், உண்மையாகவே மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு 24. வேலைக்கான கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்பதைப் படிக்காமல் எந்தப் பெருக்கலையும் தொடங்கக் கூடாது. அடையாளம் சுலபம்: சம்பள நாளைக் கிழமையால் சொன்னால் 26, தேதியால் சொன்னால் 24. நண்பரின் கடிதத்தில் "ஒன்றுவிட்ட ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்" என்று இருந்தது. சரி, 26.

அவர் சேர்ந்தார்.

ஆண்டின் நடுவில் வந்த பொய்யான உறுதி

புதிய இடத்தின் சம்பளச் சுழற்சியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், மீதிக் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது. 2015-இல் அங்கே முதல் சம்பள நாள் ஜனவரி 2, வெள்ளி. அடுத்தது 16, அதற்கடுத்தது 30. ஒரு சம்பளக் காலம் திங்களில் தொடங்கி இரண்டு வாரம் கழித்து ஞாயிறில் முடியும், அது முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை அதற்கான பணம் வரும். நண்பர் சேர்ந்தது ஜனவரி 12, திங்கள். அவருடைய முதல் சம்பளக் காலம் 12 முதல் 25 வரை, முதல் சம்பளம் 30-ஆம் தேதி. ஆக ஜனவரியில் மூன்று சம்பள நாள் இருந்தும் அவருக்குக் கிடைத்தது ஒன்றுதான்.

ஜூலை கடைசியில் அவர் ஒரு கடனுக்கு விண்ணப்பித்தார். அங்கே இருந்த அலுவலர் சம்பள ரசீதை வாங்கிப் பார்த்தார். ரசீதின் கீழே ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இதுவரை வந்த மொத்தம் என்று ஒரு வரி இருக்குமே, ஜூலை 31-ஆம் தேதி ரசீதில் அது 29,400. ஜூலை முடிந்துவிட்டது, ஏழு மாதம், 29,400-ஐ ஏழால் வகுத்தால் 4,200. விண்ணப்பத்தில் மாத வருமானம் 4,200 என்று எழுதிவிட்டார்.

நண்பர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "நீங்க 4,550-னு சொன்னீங்க. ரசீதே 4,200-னு சொல்லுதே. நான் மொதல்ல போட்ட கணக்குதான் சரியோ?" அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. இரண்டு வேறு வழிகளில் போட்ட கணக்கு ஒரே எண்ணில் வந்து நின்றால் யாருமே அதை நம்புவார்கள். இந்த இடத்தில்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டாவது வழியில் இருந்த தவறு முதல் வழியில் இருந்த தவறே அல்ல.

29,400 என்பது 14 சம்பளம்: ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை மாதம் இரண்டு வீதம் பத்து, ஜூலையில் மூன்று (3, 17, 31). பதினான்கு சம்பளம் என்றால் 28 வார வேலை. 28 வாரம் ஏழு மாதம் ஆகாது, சராசரி மாதக் கணக்கில் அது ஆறரை மாதத்தைக் கூடத் தொடாது. அலுவலர் செய்தது, 28 வாரச் சம்பளத்தை எடுத்து, நண்பர் சேர்வதற்கு முந்தைய ஜனவரி நாட்களையும், வேலை செய்து முடித்தும் இன்னும் பணம் வராத ஜூலைக் கடைசி நாட்களையும் சேர்த்த ஒரு காலத்தால் வகுத்தது. மேலே இருக்கும் எண் ஒரு காலத்தைச் சேர்ந்தது, கீழே இருக்கும் எண் வேறொரு காலத்தைச் சேர்ந்தது. 14-ஐ 7-ஆல் வகுத்தால் 2 வருவது இந்த ஒரு ஆளுக்கு, இந்த ஒரு மாதக் கடைசியில் நேர்ந்த தற்செயல்.

அதே அலுவலகத்தில் ஆண்டு முழுக்க வேலை பார்த்த, அதே 2,100 வாங்கும் இன்னொருவர் அன்றைக்கே விண்ணப்பித்திருந்தால் அவருடைய ரசீதில் 16 சம்பளம் இருந்திருக்கும், 33,600. ஏழால் வகுத்தால் 4,800. ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒருவருக்கு 4,200, மற்றவருக்கு 4,800. இரண்டும் தவறு. ஜூன் கடைசியில் அந்த இன்னொருவர் விண்ணப்பித்திருந்தால் 13 சம்பளம், 27,300, ஆறால் வகுத்தால் மிகச் சரியாக 4,550 வந்திருக்கும், யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்திருக்காது. மூன்று சம்பளம் வரும் மாதம் வகுத்தலுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்து இந்த வழி மேலேயும் கீழேயும் ஆடும்.

ரசீதிலுள்ள மொத்தத்திலிருந்து மாத வருமானத்தை எடுக்க வேண்டுமானால் மாதங்களால் வகுக்கவே கூடாது. அந்த மொத்தத்துக்குள் எத்தனை சம்பளக் காலம் இருக்கிறது என்று எண்ணி, அதனால் வகுத்து, வரும் ஒரு காலத்துத் தொகையை 26-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுக்க வேண்டும். 29,400-ஐ 14-ஆல் வகுத்தால் 2,100, மேற்கொண்டு போனால் 4,550. இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கூடுதல் நேர வேலைக்கான பணம் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து சராசரியாகி வரும், ஒற்றை ரசீதை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

நண்பரிடம் வேலைக்கான கடிதத்தின் நகலையும், ஜனவரி 30 ரசீதையும், ஜூலை 31 ரசீதையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். முதல் ரசீதில் சம்பளக் காலம் தொடங்கிய தேதி அச்சாகியிருக்கிறது, கடைசி ரசீதில் முடிந்த தேதி இருக்கிறது, நடுவில் 28 வாரம் என்பதை யாரும் மறுக்க முடியாது. வாதம் எதுவும் தேவைப்படவில்லை, அலுவலர் பார்த்தார், 4,550 என்று மாற்றினார்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் 26/12 தான் என்று பிடிவாதம் பிடிக்க முடியாது. சில விண்ணப்பங்கள் தங்கள் பெருக்கெண்ணைத் தாங்களே வைத்திருக்கும். உதாரணமாக அமெரிக்காவின் உணவு உதவித் திட்ட விதிகளில் வாரத் தொகையை 4.3-ஆலும் இரு வாரத் தொகையை 2.15-ஆலும் பெருக்கி மாதத் தொகை ஆக்கும் முறை இருக்கிறது. அப்படிச் செய்தால் 2,100 என்பது 4,515 ஆகும், 4,550 ஆகாது. அந்த விண்ணப்பத்துக்கு 4,515 தான் சரியான பதில். அதனால் படிவத்தில் "மாத வருமானம்" என்று ஒரு கட்டம் இருந்தால், அதற்குப் பக்கத்தில் கணக்கிடும் முறை சொல்லியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சொல்லாவிட்டால் 26/12.

கைக்கு வரும் பணத்தை ஏன் நேரடியாகப் பெருக்கக் கூடாது

மொத்தச் சம்பளத்துக்குச் சொன்னதை அப்படியே கைக்கு வரும் தொகைக்குப் போட்டால் சின்னதாக ஒரு பிழை வரும். நண்பரின் நிறுவனத்தில் காப்பீட்டுக்கு மாதம் 100 பிடித்தம். அதை மாதத்தின் முதல் இரண்டு சம்பளத்தில் 50, 50 என்று பிடிப்பார்கள், மூன்றாவது சம்பளம் வரும் மாதத்தில் அந்த மூன்றாவதில் பிடிக்க மாட்டார்கள். ஆக ஆண்டுக்குப் பிடித்தம் 1,200. வழக்கமான ஒரு ரசீதின் கைத் தொகையை எடுத்து 26-ஆல் பெருக்கினால் 1,300 பிடித்த மாதிரி ஆகிவிடும். மாறாக மூன்றாவது ரசீதை எடுத்துப் பெருக்கினால் பிடித்தமே இல்லாத மாதிரி. முதலில் மொத்தச் சம்பளத்தை ஆண்டுக்குக் கொண்டுபோய், மாதக் கணக்கில் பிடிப்பவற்றை 12-ஆலும் சம்பளத்துக்குச் சம்பளம் பிடிப்பவற்றை 26-ஆலும் தனித்தனியாகப் பெருக்கிக் கழிப்பதுதான் பாதுகாப்பு. எது எந்த வகை என்று ரசீதில் தெரியாது, மூன்று சம்பளம் வந்த ஒரு மாதத்தின் ரசீதுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

4,550 என்பது உண்மை, ஆனால் எந்த மாதமும் 4,550 வராது

கணக்கு சரியாகிவிட்டது என்பதற்காகச் செலவை 4,550-க்குத் திட்டமிட்டால் இரண்டே மாதத்தில் இடிக்கும். கையில் வருவது சில மாதங்களில் 4,200, சில மாதங்களில் 6,300. 4,550 சராசரி மட்டும்தான். நண்பரின் வீட்டுச் செலவு மாதம் 4,350 என்று வைத்துக்கொள்வோம், பழைய 4,500-இல் அது சௌகரியமாக நடந்துகொண்டிருந்தது (பிடித்தங்களை இங்கே விட்டுவிடுகிறேன், வழி அதேதான்). இப்போது பிப்ரவரியில் 150 துண்டு விழும், மார்ச்சில் 150, இப்படி ஜூன் வரைக்கும் ஐந்து மாதம், 750. ஜூலையில் மூன்று சம்பளம் வந்து ஒரேயடியாக 1,950 மிச்சமாகும், பழைய பள்ளத்தை நிரப்பி 1,200 மீதி இருக்கும். வருமானம் கூடியிருக்கிறது, இருந்தும் முதல் ஐந்து மாதமும் பற்றாக்குறைதான். இது தெரியாதவர்கள் "சம்பளம் போதவில்லை" என்று குறுகிய காலக் கடனுக்குப் போய்விடுகிறார்கள், வட்டி கட்டி அந்த 600 கூடுதலையும் இழக்கிறார்கள்.

நண்பருக்கு நான் சொன்ன வழி, பழைய வேலையின் கடைசிச் சம்பளத்திலிருந்து 750-ஐ எடுத்துத் தனியாக வைப்பது. ஒவ்வொரு மாதமும் அதிலிருந்து 150. ஜூலையில் அதை நிரப்பி, மேலே மிஞ்சுவதைத்தான் சேமிப்பு என்று நினைக்க வேண்டும். மூன்றாவது சம்பளத்தை எதிர்பாராமல் வந்த பணம் என்று எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு அடுத்த நான்கு மாதத்தில் அதே பள்ளம் திரும்ப வரும், ஏனென்றால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்த மாதங்களுக்கும் வரப்போகும் மாதங்களுக்கும் சேர்ந்தது.

எந்த மாதத்தில் மூன்று வரும் என்பதற்கு ஊகம் வேண்டாம். இரு வாரச் சுழற்சியில் சாதாரணமாக ஆண்டுக்கு இரண்டு மாதம் அப்படி வரும், 12 மாதத்துக்கு இரண்டு வீதம் 24 போக மீதி இரண்டு எங்காவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும். 2015-இல் அந்த நிறுவனத்தில் அது ஜனவரியும் ஜூலையும். வாரச் சம்பளத்தில் சாதாரணமாக நான்கு மாதங்களில் ஐந்து சம்பளம் வரும். காலண்டரை எடுத்துச் சம்பள நாட்களை ஒருமுறை வட்டமிட்டால் போதும், ஆண்டு முழுவதுக்கும் வேலை முடிந்தது.

ஒரே வேலைக்கு நான்கு ஆண்டுத் தொகைகள்

டிசம்பரில் அடுத்த குழப்பம். 2015-இன் கடைசி வழக்கமான சம்பள நாள் டிசம்பர் 18. அதற்கு அடுத்தது 2016 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை. விடுமுறை நாள், வங்கியும் திறக்காது. அந்த நிறுவனத்தின் விதிப்படி சம்பள நாள் விடுமுறையில் விழுந்தால் முந்தைய வேலை நாளில் பணம் போட்டுவிடுவார்கள். அதனால் ஜனவரி 1-க்கான சம்பளம் டிசம்பர் 31, வியாழக்கிழமையே வந்துவிட்டது.

ஒரே ஒரு நாள்தான் முன்னால் நகர்ந்தது. ஆனால் அது ஆண்டுக் கோட்டைத் தாண்டிவிட்டது. சம்பளம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைப் பல இடங்களில் வேலை செய்த நாளை வைத்துப் பார்ப்பதில்லை, பணம் கொடுத்த நாளை வைத்துத்தான் பார்க்கிறார்கள். நண்பரின் 2015 ஆண்டறிக்கையில் 25 சம்பளம், 52,500 என்று வந்தது. பணம் முன்னால் வராமல் இருந்திருந்தால் 24 சம்பளம், 50,400 என்று வந்திருக்கும். அதை 12-ஆல் வகுத்தால் மறுபடியும் அதே 4,200! அந்த எண் மூன்றாவது முறையாகவும் சரி மாதிரி வேஷம் போட்டிருக்கும், நல்லவேளை நடக்கவில்லை.

2016-ஐப் பாருங்கள். ஜனவரி 1-க்கானது முன்பே போய்விட்டதால் 2016-க்கு மிச்சம் ஜனவரி 15 முதல் டிசம்பர் 30 வரை 26 சம்பளம், 54,600. அது போகாமல் இருந்திருந்தால் ஜனவரி 1-இல் தொடங்கி 27 சம்பளம், 56,700. ஆக, இரு வாரத்துக்கு 2,100 என்பது ஒரு காசு கூட மாறாமல், ஆண்டறிக்கையில் 50,400, 52,500, 54,600, 56,700 என்று எதுவாகவும் வரலாம். இரண்டு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் மட்டும் எப்படிப் போனாலும் 51 சம்பளம்தான், 1,07,100.

இதில் பிரித்துப் பார்க்க வேண்டியது, சம்பள விகிதம் வேறு, ஒரு ஆண்டுக்குள் கைக்கு வந்த தொகை வேறு. வேலைகளை ஒப்பிடவும் கடன் விண்ணப்பத்துக்கும் வேண்டியது விகிதம், அதற்கு 26. வரிக்கும் ஆண்டறிக்கைக்கும் வேண்டியது வந்த தொகை, அதற்கு எந்தப் பெருக்கெண்ணும் கிடையாது, அந்த ஆண்டுக்குள் விழுந்த சம்பள நாட்களை எண்ணித்தான் ஆக வேண்டும். ஆண்டறிக்கையை 12-ஆல் வகுத்து விகிதம் கண்டுபிடிப்பதும், விகிதத்தை 26-ஆல் பெருக்கி ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டு "2,100 கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்" என்று அலுவலகத்தில் போய்க் கேட்பதும் ஒரே குழப்பத்தின் இரண்டு பக்கம். நண்பர் கேட்கப் போகும் முன் தேதிகளை எழுதிப் பார்த்தோம்: 2015-இன் முழுச் சுழற்சியில் டிசம்பர் 31-ஐயும் சேர்த்து 27, அதில் அவர் சேர்வதற்கு முந்தைய காலத்துக்கான ஜனவரி 2-உம் 16-உம் அவருடையவை அல்ல, மீதி 25. எதுவும் விட்டுப்போகவில்லை.

இருபத்தேழாவது சம்பளம்

52 வாரம் என்பதே ஒரு சுருக்கக் கணக்குதான், 364 நாள். ஆண்டு அதைவிட ஒரு நாள் கூடுதல், லீப் ஆண்டு இரண்டு நாள் கூடுதல். அந்த ஒன்றிரண்டு நாள் வருடா வருடம் சேர்ந்து, சம்பள நாள் காலண்டரில் முன்னால் நகர்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் ஜனவரி 1-இல் உட்காரும். அந்த ஆண்டில் 27 விழும். லீப் ஆண்டானால் முதல் சம்பளம் ஜனவரி 2-இல் விழுந்தாலும் 27 வரும். இரு வாரச் சுழற்சியில் இது சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை, வாரச் சம்பளத்தில் 53-ஆவது சம்பளம் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களின் மணிநேர விகிதத்தை ஆண்டுச் சம்பளத்திலிருந்து எடுக்கும்போது 2,080-ஆல் (52 வாரம், வாரம் 40 மணி) வகுக்காமல் 2,087-ஆல் வகுப்பதும் இந்த மிச்ச நாட்களால்தான். 28 ஆண்டுகளின் வேலை மணிகளைச் சராசரி எடுத்தால் ஆண்டுக்கு 2,087-உம் சொச்சமும் வருகிறது.

அப்போ 26-க்குப் பதிலாக 26.09 என்று பெருக்கலாமா என்று கேட்டால், பல ஆண்டுச் சராசரிக்கு அதுதான் துல்லியம், நண்பரின் கணக்கில் மாதத்துக்கு 4,550 என்பது ஏறக்குறைய 4,566 ஆகும். ஆனால் அந்தக் கூடுதல் பணம் பதினோரு ஆண்டில் ஒருமுறை மொத்தமாகத்தான் வரும், அதற்குள் வேலையே மாறியிருக்கலாம். தனிமனிதர் ஒருவர் வீட்டுக் கணக்குக்கு 26 போதும் என்பதுதான் என் கருத்து. சம்பளப் பட்டியல் போடும் நிறுவனத்துக்குப் போதாது, 27 வரும் ஆண்டில் சம்பளச் செலவு கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடும்.

ஊழியர் பக்கத்திலிருந்து 27-ஐப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது இரு வாரத் தொகையா, ஆண்டுத் தொகையா? இரு வாரத்துக்கு 2,100 என்றால் 27 முறையும் 2,100 தான். ஆண்டுக்கு 54,600 என்று எழுதியிருந்தால் சில நிறுவனங்கள் அந்த ஆண்டு மட்டும் 27-ஆல் வகுப்பார்கள், ஒவ்வொரு சம்பளமும் 2,022.22 ஆகிவிடும், ஒவ்வொன்றிலும் 77.78 குறையும். ஆண்டு மொத்தம் மாறவில்லை என்றாலும் வாடகையும் தவணையும் பழைய தொகைக்குக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாமல் வந்தால் சிரமம்தான். நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். நண்பரின் ஒப்பந்தத்தில் இரு வாரத் தொகைதான் இருந்தது, அவருக்கு இந்தப் பிரச்சினை வரவில்லை.

உங்கள் சுழற்சியில் எப்போது என்று பார்க்க விரிதாளில் ஒரே வரி போதும். A1-இல் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு சம்பள நாள், B1-இல் ஆண்டின் முதல் நாள், C1-இல் கடைசி நாள்:

```
=INT((C1-A1)/14)-INT((B1-1-A1)/14)
```

வாரச் சம்பளமானால் இரண்டு 14-ஐயும் 7 ஆக்குங்கள். A1-இல் 2015 ஜனவரி 2, B1-இல் 2016 ஜனவரி 1, C1-இல் 2016 டிசம்பர் 31 என்று போட்டால் 27 வரும். விடுமுறைக்காக முன்னால் நகர்த்தப்பட்டதை இந்தச் சூத்திரம் அறியாது, ஆண்டின் தொடக்கத்திலும் கடைசியிலும் இருக்கும் இரண்டு தேதிகளை மட்டும் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். B1, C1-இல் ஒரு மாதத்தின் முதல் நாளையும் கடைசி நாளையும் போட்டால் மூன்று சம்பளம் வரும் மாதங்களும் இதிலேயே கிடைத்துவிடும், வரி ஆண்டு வேறு தேதியில் தொடங்கும் இடங்களில் அந்தத் தேதிகளைப் போட்டுக்கொள்ளலாம்.

நண்பரின் நிறுவனத்தில் சுழற்சி இடையில் மாறாமல் ஓடினால், 2015 ஜனவரி 2-இலிருந்து சரியாக 287 சம்பளக் காலம் கழித்து 2026 ஜனவரி 2-இல் ஒரு சம்பள நாள் விழும். 2026-இன் காலண்டரும் 2015-இன் காலண்டரும் ஒன்றேதான். அந்த வரிசையில் 26-ஆவது சம்பளம் டிசம்பர் 18, அடுத்தது 2027 ஜனவரி 1, மறுபடியும் வெள்ளி. அந்தப் பணத்தை முந்தைய நாளே போட்டுவிட்டால் 27 என்பது 2026-இல் விழும், போடாவிட்டால் 2027-இல். இதே வெள்ளிக்கிழமைகளில் சம்பளம் வாங்குபவர்கள் தங்கள் நிறுவனத்தின் விடுமுறை விதியை 2026 டிசம்பருக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஆண்டின் வரிக் கணக்கில் அந்த ஒரு சம்பளம் கூடப்போகிறது என்பது அந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.